ஒரு நோய்க்கு மூன்று பெயர்

பாப்பா, தம்பி, உங்கள் இரண்டு பேருக்கும்தான் இதை எழுதுகிறேன். போன வாரம் சாப்பிடும்போது தம்பி கேட்டான், "போட்டோ எடுத்துக் காட்டினா போனே தமிழாக்கிக் குடுத்துருது, நீங்க எதுக்குப்பா இன்னும் பேப்பர்ல கோடு போட்டு உக்காந்திருக்கீங்க?" என்று. நான் எழுந்து கை கழுவப் போய்விட்டேன். அப்பாவுக்குக் கோபம் என்று நினைத்திருப்பீர்கள். கோபம் இல்லை. சொல்ல ஆரம்பித்தால் முழுவதையும் சொல்லவேண்டி வரும், அதுதான். வாயால் சொல்ல வராததை எழுதிப் பார்க்கிறேன்.

நான் பன்னிரண்டாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. தமிழிலும் ஆங்கிலத்திலும் தட்டச்சு ஹையர் முடித்தேன், அவ்வளவுதான். தல்லாகுளத்தில் நம் டைப்பிங் கடைக்கு வருகிறவர்கள் பாதிப் பேர் வழக்குக்காரர்கள், மீதிப் பேர் மனுக்காரர்கள். இருபது வருஷமாக அடுத்தவர் எழுதியதை அடித்து அடித்தே ஆங்கிலம் பிடிபட்டது. ஆங்கிலத்தில் வந்த நோட்டீஸைத் தமிழில் எழுதிக் கொடுங்கள் என்று யாராவது கேட்டால் எழுதிக் கொடுப்பேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. அந்தப் பெருமையும் இந்தக் கதையில் ஒரு ஆள்தான்.

கல் உடைக்கும் தொழிலாளர் சங்கத்துக்காரர் ஒருவர் கடைக்கு வருவார். உங்களுக்கும் தெரியும், மீசையை முறுக்கிக்கொண்டே பேசுவாரே, அவர்தான். ஒரு நாள் காலையில் ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தார். திருப்பரங்குன்றம் தாண்டி, கல் அரைக்கும் ஒரு கிரஷரில் பதினாறு வருஷம் வேலை பார்த்தவர். வயது நாற்பதுதான் இருக்கும். நம் கடை வாசலில் மூன்று படி. மூன்றையும் ஒரே மூச்சில் அவரால் ஏற முடியவில்லை. இரண்டாவது படியில் நின்று, ஏதோ யோசனையில் நிற்கிறவர் மாதிரி ரோட்டைப் பார்த்தார். கூட வந்த மனைவி அவருக்கு முன்னால் போகாமல் அவளும் நின்று ரோட்டைப் பார்த்தாள்.

விஷயம் இதுதான். அவருக்கு இரண்டு தடவை காசநோய் மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு தடவையும் முழுசாகச் சாப்பிட்டு முடித்தார். இருமல் நிற்கவில்லை. பிறகு பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, இது காசநோய் இல்லை, கல் தூசி நுரையீரலில் இறங்கித் தழும்பாகிப்போன நோய், சிலிக்கோசிஸ் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார். காசநோய் என்றால் அது யாருக்கும் வரலாம், கிரஷர்காரருக்குச் சம்பந்தமில்லை. சிலிக்கோசிஸ் என்றால் அது வேலையால் வந்தது, நிவாரணத்துக்கு மனுப் போடலாம். அவர்கள் குடும்பத்துக்கு இருந்த ஒரே வழி அந்தச் சீட்டில் இருந்த ஒரு பெயர்தான்.

டாக்டரம்மா இன்னொன்றும் செய்திருந்தார். தன் மேசையில் இருந்த மருத்துவ ஆய்விதழைத் திறந்து ஒரு பக்கத்தைக் காட்டியிருக்கிறார். கிரஷர் தொழிலாளர்களைப் பற்றிய ஆய்வு. தலைப்புக்குக் கீழே கட்டம் போட்டு ஆய்வுச் சுருக்கம். சங்கத்துக்காரர் அதைப் போனில் படம் பிடித்துக்கொண்டார்.

"லேபர் ஆபீஸ்ல தமிழ்ல எழுதிக் குடுங்க, பைல் மேல போகணுங்கிறாய்ங்கண்ணே. போன்ல போட்டுப் பாத்தேன், அதுவும் தமிழ்ல குடுக்குது. ஆனா படிச்சா எனக்கே புரியலை. நீங்க எழுதிக் குடுங்க."

போனில் வந்ததைக் காட்டினார். மேலே ஒரு இடத்தில் சிலிக்கோசிஸ் என்று இருந்தது, கீழே சிலிக்கா வியாதி என்று இருந்தது, கடைசியில் அந்த வார்த்தையே இல்லாமல் வாக்கியம் முடிந்துவிட்டது. நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது நாக்கில் கசக்கிறது.

படமும் சரியில்லை. மேல் மூலையில் டியூப்லைட் வெளிச்சம் பட்டு வெள்ளையடித்திருந்தது. புத்தகத்தின் நடுமடிப்புப் பக்கம் காகிதம் வளைந்து, ஒவ்வொரு வரியிலும் கடைசி எழுத்துகள் உள்ளே போய்விட்டன. விட்டுப்போனதை நானாக ஊகித்து எழுதமாட்டேன், இன்னொரு படம் வேண்டும் என்றேன். மறுநாள் போய்ப் புத்தகத்தைத் தட்டையாக அமுக்கிப் பிடித்து எடுத்துக்கொண்டு வந்தார். அதில் எல்லாம் தெரிந்தது, ஒரு எண்ணைத் தவிர. மூன்றா, எட்டா என்று தெரியவில்லை. அந்த இடத்தில் அடைப்புக்குறி போட்டு 'படத்தில் தெளிவில்லை' என்று எழுதினேன். டாக்டரம்மாவிடம் போனில் கேட்டு, அவர் மூன்று என்று சொன்ன பிறகுதான் குறியை எடுத்தேன்.

வேலையை எப்படிச் செய்தேன் என்று தம்பிக்குத் தெரியவேண்டும். ஒரு வெள்ளைத்தாளின் நடுவே கோடு போட்டேன். இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் தமிழ்ச்சொல். ஒரு சொல்லுக்கு ஒரு சொல்தான். வழக்குத் தாள் அடிக்கிறவனுக்கு இது பழக்கம். முதல் பக்கத்தில் பிரதிவாதி என்று அடித்தவரைக் கடைசிப் பக்கம் வரை பிரதிவாதி என்றுதான் அடிப்போம். நடுவில் அழகுக்காக எதிராளி என்று மாற்றினால் வக்கீல் தாளைக் கிழித்து மூஞ்சியில் எறிவார்.

நுரையீரல், தூசி, காசநோய் எல்லாம் ஊரறிந்த சொற்கள். அவற்றில் தொல்லை இல்லை. சிலிக்கோசிஸுக்கு மூன்று இடத்தில் தேடினேன், மூன்று இடத்தில் மூன்று விதமாக இருந்தது. நிலைத்த சொல் இல்லை என்று அர்த்தம். அதனால் சிலிக்கோசிஸ் என்றே வைத்து, பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போட்டு, கீழே எழுதினேன்: 'இதற்கு நிலைத்த தமிழ்ச்சொல் இல்லை. சிலிக்கா கலந்த கல் தூசி நுரையீரலில் படிந்து தழும்பாகும் நோய். காசநோய் வேறு, இது வேறு.' இந்த இரண்டும் சேர்ந்து ஒரே ஆளுக்கு வருவதற்கு அந்தச் சுருக்கத்தில் தனியாக ஒரு பெயர் இருந்தது. சிலிக்கோ-காசநோய் என்று எழுதி அதற்கும் ஒரு நட்சத்திரம். நுரையீரலின் அடிவரை போய்ச் சேரும் அளவுக்குப் பொடியான தூசிக்கு அவர்கள் ஒரு தனிச்சொல் வைத்திருந்தார்கள். நுண்தூசி என்று எழுதி நட்சத்திரம் போட்டு விளக்கம் எழுதினேன். ஒரே காலத்தில் எல்லாரையும் ஒருமுறை மட்டும் சோதித்துப் பார்க்கும் ஆய்வு முறைக்குக் குறுக்குவெட்டு ஆய்வு என்று அகராதியில் இருந்தது. அது சரியா என்று எனக்கு நிச்சயமில்லை, அதற்கும் ஒன்று. மொத்தம் நான்கு நட்சத்திரம்.

சுருக்கத்தின் உயிர் கடைசி இரண்டு வாக்கியத்தில் இருந்தது. சளிச் சோதனையில் கிருமி தெரியாமலே காசநோய் என்று மருந்து சாப்பிட்ட தொழிலாளர்களில் பலருக்கு எக்ஸ்ரேயில் இருந்தது சிலிக்கோசிஸ்தான் என்று சொல்லியிருந்தது. அப்படியே நம் படியேறி வந்தவரின் கதை. அடித்து முடித்ததும் எனக்கே ஒரு திருப்தி. ஆனால் படிக்க நன்றாக இல்லை. பத்து வரிக்குள் சிலிக்கோசிஸ் ஆறு தடவை வந்தது. நட்சத்திரமும் அடிக்குறிப்புமாகப் பக்கம் கொப்புளம் போட்ட மாதிரி இருந்தது.

இங்கேதான் நான் செய்த காரியம் வருகிறது. ஆனையூரில் இருக்கிற ஐயாவை உங்களுக்குத் தெரியும். தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். தன் புத்தகங்களை நம்மிடம்தான் அடிக்கக் கொடுப்பார். மேலிடத்துக்குப் போகிற தமிழ் எதுவானாலும் ஒரு தடவை அவரிடம் காட்டுவது என் வழக்கம். அவர் சிவப்புப் பேனா வைத்தால் எனக்கு அன்றைக்கெல்லாம் சந்தோஷம். படிக்காதவன் எழுதியதை ஒரு படித்தவர் திருத்தத் தகுந்ததாக நினைக்கிறாரே என்று.

ஐயா கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார்.

"என்னய்யா இது, அம்புட்டும் நட்சத்திரமா இருக்கு? பரீட்சையில பதில் தெரியாத பயதான் இப்படி அடையாளம் போட்டுவைப்பான்."

"அதுக்குத் தமிழ்ல சொல் இல்லைங்கய்யா, அதான்."

"சொல் இல்லையா? தமிழ்ல சொல் இல்லைன்னு ஆபீஸ் வரைக்கும் எழுதிக் குடுக்கப்போறியா? நல்லாருக்குய்யா. ஒரே சொல்லை ஆறு தடவை வேற போட்டிருக்க. தமிழுக்கு அம்புட்டு வறுமையா வந்துருச்சு?"

சிவப்புப் பேனாவை எடுத்தார். முதல் இடத்தில் நுண்மணல் நோய். அடுத்த பத்தியில் கற்றூசிப் பிணி. கடைசி இரண்டு வாக்கியத்தில் ஈளை நோய். நட்சத்திரங்களை அடித்தார், அடிக்குறிப்புகளை அடித்தார். அடித்த இடமெல்லாம் வாக்கியம் அழகாக ஓடியது. உண்மையாகவே அழகாக இருந்தது, பிள்ளைகளே, அதை மறைக்க மாட்டேன். நான் ஒரு தடவை வாயெடுத்தேன்.

"ஐயா, சீட்டுல சிலிக்கோசிஸ்னு இருக்கு."

"படிக்கிறவனுக்குத் தெரியாதா? போய் அடி."

போய் அடித்தேன். கீழே, 'இது மூலத்தின் உண்மையான மொழிபெயர்ப்பு' என்று அடித்து, பேர் எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்டேன். கையெழுத்து ஐயாவுடையது இல்லை, என்னுடையது. கோடு போட்ட அந்த வெள்ளைத்தாளைப் பக்கத்தில் வைத்து ஒரு தடவை சரிபார்த்திருந்தால் போதும். பார்க்கவில்லை. சங்கத்துக்காரர் வந்து வாசித்துவிட்டு, "பேப்பர் படிக்கிறாப்ல இருக்குண்ணே" என்றார். நான் அதற்கும் சந்தோஷப்பட்டேன்.

லேபர் ஆபீசில் விசாரணைக்கு என்னையும் வரச் சொன்னார் சங்கத்துக்காரர், ஏதாவது கேட்டால் சொல்வதற்கு. போனேன். நோயாளியை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, அவர் மனைவியும் சங்கத்துக்காரரும் மேசைக்கு முன்னால் நின்றார்கள். கிரஷர் தரப்பில் ஒரு மேனேஜர். நான் கதவோரம் நின்றேன். அதிகாரி கெட்டவர் இல்லை. நான் அடித்த தாளை வரி வரியாக விரல் வைத்துப் படித்தார். அவர் அசட்டையாகப் படித்திருந்தால்கூடத் தப்பித்திருப்போம் என்று தோன்றுகிறது.

"மனுவுல சிலிக்கோசிஸ். ஆஸ்பத்திரி சீட்டுலயும் சிலிக்கோசிஸ். இந்த ஆராய்ச்சியில அந்தப் பேரே இல்லையேம்மா?"

சங்கத்துக்காரர் முன்னால் குனிந்தார். "இருக்கு சார், அதைத்தான் தமிழ்ல..."

"எங்க இருக்கு? ஒரு இடத்துல நுண்மணல் நோய்ங்குது. ஒரு இடத்துல கற்றூசிப் பிணி. கடைசியில ஈளைங்குது. மூணு நோய் சொல்லியிருக்கு. இதுல உங்க ஆளுக்கு வந்தது எது?"

மேனேஜர் மெதுவாகச் சொன்னார், "ஈளைன்னா எங்க பக்கம் டீபியத்தான் சார் சொல்லுவாங்க. நாங்க அன்னைலேர்ந்து அதைத்தான் சொல்றோம்."

அதிகாரி ஆங்கில மூலத்தைத் தேடினார். போன் படத்தை நான்தான் பிரிண்ட் எடுத்து இணைத்திருந்தேன். நம் மெஷினில் படம் கறுத்துப்போய் விழுந்திருந்தது. தமிழ் இருக்கிறதே, இதை யார் பார்க்கப்போகிறார்கள் என்று அப்படியே இணைத்துவிட்டேன். "இது வெறும் கரியால்ல இருக்கு" என்று தள்ளி வைத்தார். பிறகு நிமிர்ந்து, "இதை மொழிபெயர்த்தது யாரு?" என்று கேட்டார்.

சங்கத்துக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த அம்மாளும் பார்த்தாள். ஒரே நோய்தான் சார், பெயரை மாற்றி மாற்றிப் போட்டது என் தப்பு என்று ஒரு வாக்கியம் சொல்லவேண்டும். சொன்னால் என்ன படித்திருக்கிறாய் என்று கேட்பார். ஏன் மாற்றினாய் என்று கேட்பார். அழகுக்காக என்று சொல்லவேண்டும். என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "டைப்பிங் மட்டும்தான் சார் நான்."

அந்த அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வெளியே பெஞ்சில் இருமல் கேட்டது. ஆவணங்களில் நோயின் பெயர் முரண்படுகிறது என்று குறித்து மனுவைத் திருப்பினார்கள்.

அன்றைக்கே கடைக்கு வந்து பழைய தாளைத் தேடி எடுத்து, சிலிக்கோசிஸ், நட்சத்திரம், அடிக்குறிப்பு எல்லாம் இருந்தபடி மறுபடி அடித்தேன். படத்தையும் வெளுப்பாக்கித் தெளிவாக எடுத்தேன். சங்கத்துக்காரர் கொண்டுபோனார். போன வேகத்தில் திரும்பி வந்தார்.

"ஆபீசர் என்ன சொன்னாருன்னு தெரியுமாண்ணே? அன்னைக்கு ஒண்ணு எழுதிக் குடுத்தீங்க, தோத்ததும் சீட்டுல இருக்கிற பேரைத் தூக்கி இதுல போட்டுக்கிட்டு வாரீங்களாங்கிறாரு. டாக்டர்கிட்ட கடுதாசி வாங்கிட்டு வரணுமாம்."

டாக்டரம்மா அதற்குள் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டார். போன் எண்ணும் மாறிவிட்டது. புதிதாக வந்த டாக்டர், நான் பார்க்காத எக்ஸ்ரேக்கு நான் எழுத முடியாது, புதுசாக எடுத்து வாருங்கள் என்றார். புது எக்ஸ்ரே, புது வரிசை, புதுத் தேதி.

ஐயாவிடமும் போய்ச் சொன்னேன். மூன்று பெயரால் மனு திரும்பிவிட்டது என்றேன். வருத்தப்படுவார் என்று நினைத்தேன். "அதிகாரிக்குத் தமிழ் தெரியலை. அதுக்கு நாம என்னய்யா செய்ய?" என்றார். சொல்லிவிட்டு அடுத்த புத்தகத்தின் கையெழுத்துப் பிரதியை என் கையில் கொடுத்தார். வாங்கிக்கொண்டு வந்தேன். அதையும் அடித்துத்தான் கொடுத்தேன்.

இரண்டு மாதம் கழித்து அந்த அம்மாள் மட்டும் கடைக்கு வந்தாள். புது மனுவுக்கு ஒரு நகல் வேண்டும் என்றாள். எடுத்துக் கொடுத்தேன். அவள் போகவில்லை. கைப்பையிலிருந்து நான் முதலில் அடித்த தாளை எடுத்து மேசையில் விரித்தாள். மடிப்பில் கிழிந்திருந்தது.

"அண்ணே, எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். பத்து தடவை படிச்சுட்டேன். இதுல எங்க வீட்டுக்காரர் நோயி எந்த எடத்துல இருக்கு? கை வச்சுக் காட்டுங்க."

காட்ட முடியவில்லை. "மூணுமே அதுதாம்மா" என்றேன்.

"மூணும் ஒண்ணுதான்னா ஒண்ணாவே எழுதியிருக்கலாம்ல?"

சண்டை போடுகிற குரலில் கேட்கவில்லை. விலை கேட்கிற மாதிரிதான் கேட்டாள். நான், வீட்டுக்காரர் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"வேலைக்குப் போறாரு."

"எங்க?"

"அங்கதான். கிரஷர்லயே. கல்லுத் தூக்க முடியாதுல்ல, கேட்ல உக்கார வச்சிருக்காக. லாரி கணக்குப் பாக்கச் சொல்லி. மேனேஜர்தான் பாவம் பாத்துக் குடுத்தாரு."

கிரஷர் கேட் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. அந்தப் பக்கம் பஸ்ஸில் போயிருக்கிறீர்கள், ஜன்னலைச் சாத்து என்று நான் சொல்லியிருப்பேன். உள்ளே அரைக்கிற தூசி முழுவதும் லாரியோடு சேர்ந்து அந்தக் கேட் வழியாகத்தான் வெளியே வரும். வேப்பமரத்து இலைகூட அங்கே சாம்பல் நிறம். நான்கு நட்சத்திரம் போட்டு நான் விளக்கம் எழுதினேனே, அதில் ஒன்று அந்தத் தூசிக்குத்தான். அந்தத் தூசியில் அவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

"வாரேண்ணே" என்று சொல்லிவிட்டு அவள் போனாள். தாளை மேசையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டாள். மறந்து விட்டாளா, வேண்டாம் என்று விட்டாளா, தெரியவில்லை.

இப்போது தம்பி கேட்டதற்கு வருகிறேன். போன் செய்த தப்பும் நான் செய்த தப்பும் ஒரே தப்புதான். போன் தெரியாமல் செய்தது. நான் தெரிந்தே செய்தேன், தெரியாத மாதிரி மேசைக்கு முன்னால் நின்றேன். பாப்பா, நீ நர்சிங் முடித்து ஆஸ்பத்திரிக்குப் போவாய். சீட்டில் இருக்கிற பெயரை நோயாளிக்குச் சொல்லும்போது ஒரே பெயரைச் சொல். தெரியாத சொல்லுக்குத் தெரியாது என்று எழுது. அதில் அவமானம் ஒன்றும் இல்லை. இதை எனக்கு யாரும் சொல்லாமல் இல்லை, என் கையே ஒரு வெள்ளைத்தாளில் எழுதி வைத்திருந்தது. நான்தான் கேட்கவில்லை.

அவள் வந்துபோன மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. உங்கள் அம்மாவிடம் மெஷினைப் பார்க்கவேண்டும் என்று பொய் சொல்லிவிட்டுக் கடைக்குப் போனேன். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்து, அந்த அதிகாரிக்கு ஒரு கடிதம் அடித்தேன். இன்ன மனுவோடு இணைத்த மொழிபெயர்ப்பைச் செய்தது நான். மூலத்தில் ஆறு இடத்திலும் இருப்பது ஒரே சொல், சிலிக்கோசிஸ். அதை மூன்று பெயராக மாற்றி அடித்ததும், விளக்கக் குறிப்புகளை நீக்கியதும் நான். விசாரணையில் கேட்டபோது டைப்பிங் மட்டும்தான் என்று சொன்னது உண்மையல்ல. மனுதாரர் எதையும் மாற்றவில்லை. ஐயா பேரை எழுதவில்லை. சிவப்புப் பேனா அவருடையது என்றாலும் அடித்த விரல் என்னுடையது. படிப்பு என்ற இடத்தில் பன்னிரண்டாம் வகுப்பு என்று போட்டேன்.

திங்கட்கிழமை கடை திறப்பதற்கு முன்னால் தபால் ஆபீசுக்குப் போய் வரிசையில் நின்றேன். கவுண்டரில் இருந்த பெண் உறையை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, அனுப்புநர் பேர் இல்லையே என்றாள். பேனாவை வாங்கி, அங்கேயே நின்று, என் பேரைக் கொட்டை எழுத்தில் எழுதி நீட்டினேன்.